வேலையை விட்டுவிட்டு வந்தவர்

வடக்குத்து ஊர்ப் பட்டறையில் தகடு வெட்டும் மிஷின் நெடுமாறனின் வலது கையில் இரண்டு விரல்களை அடியோடு எடுத்துவிட்டது. காயம் ஆறியதும் மிச்ச விரல்களோடு மறுபடி அதே மிஷினுக்குப் போனார், அப்போது பயமில்லை. ஊனத்தை அளந்து மாதப்பணம் முடிவு செய்ய, தொழிலாளர் காப்பீட்டு இ.எஸ்.ஐ. மருத்துவக் குழு கூப்பிட்டபோதுதான் பயம் பிடித்தது. சம்பாதிக்கிறவனுக்கு எதுக்கு மாதப்பணம் என்று கேட்டுவிட்டால்? முந்தின நாள் சாயங்காலமே வேலையை விட்டார்.

தன் பலத்தைப் பற்றியே பேசிக்கினு திரிந்தவர், குழுவின் முன் கையை நீட்டியபோது நடுங்கினார். அதில் நடிப்பு கொஞ்சம்தான்.

டாக்டர் நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பார்த்தார். "வேலைக்குப் போறீங்களா?"

நெடுமாறன் விரல்களை மடக்கிக்கொண்டார். "நேத்தே விட்டுட்டேங்க சார்."

"ஏங்க விட்டீங்க? ஒரு கையில ரெண்டு விரல் போனா இருபது சதவீத ஊனம்னு அட்டவணையிலேயே இருக்கு. விபத்துக்கு முந்தி வாங்கின சராசரிக் கூலியில தொண்ணூறு சதவீதம், அதுல இந்த இருபது. வேலை பார்த்தாலும் ஆயுசுக்கும் வரும்."

நூறு ரூபாய் கூலிக்குப் பதினெட்டு ரூபாய். அதை மட்டும் வைத்துக் குடும்பம் நடக்காது. வெளியே ஓடிவந்து முதலாளிக்குப் போன் போட்டார்.

"காலையிலதான் வேற ஆளைப் போட்டேன் நெடுமாறா," என்றார் முதலாளி. "பத்து விரலும் இருக்கு அவனுக்கு."