தொண்டைக்கதிருக்கு எதிரே ஒரு காலி இடம்

ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதியவர், அந்தப் பொருள் பிசகிவிட்டால் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? சொல்லின் பக்கமா, தான் எழுதியதன் பக்கமா? நீர்ப்பாசன அலுவலகத்தில் இருபத்து மூன்று வருடம் எழுத்தராக இருந்த ஒரு பெண்ணின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே போனது. பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

அலுவலகம் ஏரி மதகுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு அறைகள். முன்னறையில் அவர் மேசை, ஒரு இரும்பு அலமாரி, கம்பி போட்ட ஜன்னல். விவசாயிகள் உள்ளே வருவதில்லை. காலில் சேறு இருக்கும். ஜன்னலுக்கு வெளியே நின்று, பயிர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வார்கள், அவர் எழுதிக்கொள்வார். அப்பா போனபின் நிலம் தங்கைக்கு, அலுவலக வேலை அக்காவான இவருக்கு என்று ஆகியிருந்தது. ஆகவே நெல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஜன்னல் வழியாக வந்ததுதான். அது குறைவில்லை. "பச்சை பிடிச்சிடுச்சுங்க" என்று ஒருவர் சொன்னால் எத்தனை நாளுக்கு முன் நட்டிருப்பார் என்று அவர் சொல்லிவிடுவார். ஆனால் வயலில் இறங்கியதில்லை.

புதிதாக வந்த பொறியாளர் குழாயும் காங்கிரீட்டும் படித்தவர். வந்த முதல் மாதம் ஜன்னலில் ஒருவர், "எல்லாம் தலை சாஞ்சு கிடக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பயிர் வாடிச் சாகிறது என்று நினைத்த பொறியாளர் உடனே அந்த வயலுக்குத் தண்ணீர் திறக்கச் சொல்லிவிட்டார். முற்றி, அறுப்புக்குக் காத்திருந்த வயல் அது. மதகைத் திறந்து மூடும் மடைக்காரர் வந்து, "அறுக்கப் போறவன் முழங்கால் சேத்துல நின்னு உங்கள வாழ்த்திட்டு இருக்கான் சார்" என்றார்.

அதன்பின்தான் அந்த அட்டை. பொறியாளர் கேட்டுக்கொள்ள, பழைய கோப்பு ஒன்றின் மேலட்டையைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுத்தர் தன் உருண்டை எழுத்தில் எழுதினார்:

நாற்றங்கால் – முளைகட்டிய விதையைத் தூவி நாற்று வளர்க்கும் சிறு இடம்.
நடவு – நாற்றைப் பறித்து வயலில் ஊன்றுவது.
பச்சை பிடித்தல் – நட்ட வாட்டம் தெளிந்து, வேர் பிடித்து நிமிர்வது.
தூர் கட்டுதல் – ஒரு நாற்றின் அடியிலிருந்து பல தாள் கிளைப்பது.
தண்டு உருளல் – தட்டையாக இருந்த தாள் உருண்டு கணு விடுவது.
தொண்டைக்கதிர் – கதிர் வெளியே வராமல் தாளுக்குள் இருப்பது.
பூ – கதிர் வெளிவந்து பூப்பது.
பால் பிடித்தல் – மணியை நசுக்கினால் பால் வருவது.
தலை சாய்தல் – மணி முற்றி, பாரத்தால் கதிர் வளைவது.
அறுவடை – அறுப்பது.
அரிதாள் – அறுத்தபின் வயலில் நிற்கும் அடித்தாள்.

கடைசிக்கு முந்தையதை எழுதும்போது அலுத்துவிட்டது என்பது தெரிகிறது. மற்றபடி குறை சொல்ல அன்று யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அட்டையை ஜன்னலுக்கு வெளிப்புறம் மாட்டினார்கள். அவருக்கு 'அட்டைக்காரி' என்று பேர் வந்தது. "அட்டைன்னா அட்டைதான், பிடிச்சா விடமாட்டாங்க" என்று வயலில் காலைக் கடித்துத் தொங்கும் அட்டையை நினைத்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அந்த வருடம் ஏரி சீக்கிரம் அடிக்குப் போயிற்று. மிச்சமிருந்த நீர் பதினொரு வயலுக்குப் போதும், அதுவும் ஒரே ஒரு முறை. விண்ணப்பம் இருபத்தாறு. தொண்டைக்கதிரும் பூவும் நீரில்லாமல் போனால் கதிர் பதராகிவிடும், மற்ற நிலைகள் கொஞ்சம் தாங்கும். ஆகவே அந்த இரண்டுக்கும்தான் முதல் உரிமை என்று பொறியாளர் எழுதி, அட்டைக்குப் பக்கத்திலேயே ஒட்டினார்.

மறுநாள் ஜன்னலுக்கு வந்த இருபத்தாறு பேரில் இருபத்து மூன்று பேர் பயிர் தொண்டைக்கதிரில் இருப்பதாகச் சொன்னார்கள்.

"என்னங்க, நீங்க நட்டு முப்பது நாள்கூட ஆகலையே?" என்று ஒருவரைக் கேட்டார் எழுத்தர்.

"அது கொஞ்சம் அவசரக்கார நெல்லுங்க."

ஒருவர் நாற்றங்காலுக்கே தொண்டை சொல்லியிருப்பார், மடைக்காரர் பக்கத்தில் நின்றதால் சொல்லவில்லை. பொறியாளர் தலையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களே போய்ப் பார்த்துடுங்கம்மா. அட்டை எழுதினது நீங்கதானே. ஒரு வயலுக்கு ஒரு சொல். அதுக்கு மேல என்னால முடியாது."

அப்படித்தான் நாற்பத்தேழு வயதில் அவர் முதல் முறையாக வரப்பில் நடந்தார். புடவையைத் தூக்கிச் செருகி, ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் நோட்டு. மடைக்காரர் முன்னால் போனார். முதல் சில வயல்களில் குழப்பமே இல்லை. தொண்டைக்கதிர் என்றால் கடைசி இலையின் உறை கர்ப்பம் போலப் பருத்திருக்கும். தொட்டாலே தெரியும். அல்லது கதிர் வெளிவந்து வெள்ளையாகப் பூ தொங்கும். தூர் கட்டும் வயல்களும் அப்படியே: தாளைக் கிள்ளினால் தட்டை, உள்ளே ஒன்றுமில்லை. அவர் நோட்டில் ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டே போனார். ஜன்னல் தனக்குச் சரியாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது என்று நினைத்திருப்பார்.

சங்கின் வயலில் அந்த எழுத்து நின்றது. வாயைத் திறந்தால் அடுத்த வாய்க்கால்வரை கேட்கும் என்பதால் அந்த விவசாயிக்கு அந்தப் பேர். அவர் வயலில் உறை பருத்திருக்கவில்லை. தாள் உருண்டிருந்தது. எழுத்தர் 'தண்டு உருளல்' என்று எழுதப் போனார்.

"கொஞ்சம் இருங்க தாயி" என்று சங்கு ஒரு தாளை அடியோடு பிடுங்கினார். கட்டைவிரல் நகத்தால் நெடுக்காகப் பிளந்து எழுத்தரின் கண்ணுக்கு நேரே நீட்டினார். அடியில், கடைசிக் கணுவுக்கு மேலே, அரிசி மணியைவிடச் சிறியதாக வெள்ளைப் பஞ்சு போல ஏதோ ஒன்று.

"இது என்ன?" என்று கேட்டார் சங்கு.

"கதிர்தான். இளங்கதிர்" என்றார் எழுத்தர்.

"எங்க இருக்கு?"

எழுத்தர் வாயைத் திறக்குமுன் சங்கே பதிலும் சொன்னார்.

"தாளுக்குள்ள இருக்கு. வெளிய வந்துடுச்சா? வரல. உங்க அட்டையில என்ன எழுதியிருக்கீங்க?"

மடைக்காரர் எரிச்சலாக, "யோவ், இது வெளிய வர இன்னும் மூணு வாரத்துக்கு மேல ஆகும். தொண்டைன்னா தொண்டையில இருக்கணும்யா, வயித்துல இருக்கிறதயா காட்டுற?" என்றார்.

"அது உங்க பேச்சு. நான் படிச்சத சொல்றேன். தொண்டைன்னா எங்கன்னு அட்டையில போடலையே."

எழுத்தர் அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்டு உருண்டிருக்கிறது, ஆகவே அது தண்டு உருளல். கதிர் உள்ளே இருக்கிறது, ஆகவே அவர் எழுதியபடி அது தொண்டைக்கதிரும்தான். இரண்டும் அவர் கையெழுத்து. அந்தப் பக்கத்தில் அவர் ஒன்றும் எழுதவில்லை.

அதற்குப்பின் எந்த வயலும் நேராக இல்லை. தாளைப் பிளக்காமல் அவரால் நகர முடியவில்லை. ஒரே தூரில் தாய்த்தாளின் உறை பருத்திருந்தது, அடுத்த தாளில் பஞ்சு, கடைசியாகக் கிளைத்ததில் ஒன்றுமில்லை. ஒரு தூருக்கு மூன்று சொல். வயலிலும் வரப்போரம் ஒரு நிலை, நடுவில் வேறொன்று. "பாதிக்கு மேல எது இருக்கோ அத எழுதுங்க" என்றார் மடைக்காரர். பாதியை எப்படி எண்ணுவது என்று அவர் கேட்டதற்கு, மடைக்காரர் வெயிலைப் பார்த்தார். ஏற்கெனவே எழுதிய ஒன்பது வயல்களுக்கும் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். நோட்டில் அடித்தல்கள் கூடின. அட்டையின் பொருள்படி எண்ணினால் தொண்டைக்கதிரும் பூவுமாகப் பதினெட்டு வயல் வந்தது. உறையைக் கையால் தொட்டு எண்ணினால் பதினொன்று.

கடைசியாகத் தங்கையின் வயல். தங்கை வரப்பிலேயே நின்றிருந்தாள். அக்கா குனிந்து, ஒரு தாளைப் பிடுங்கி, இப்போது பழகிவிட்ட நகத்தால் பிளந்தார். பஞ்சு. சங்கின் வயலில் பார்த்த அதே அளவு. இன்னொன்றைப் பிளந்தார். அதுவும் அப்படியே.

"எத்தன பிளப்ப? நெல்லு பாவம்" என்றாள் தங்கை. "உள்ள இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப எழுது."

"உறை பருக்கலையேடி."

"உறையப் பத்தி அட்டையில எங்க இருக்கு? நீ எழுதினதத்தானே ஊரே நம்புது. எனக்கு மட்டும் வேற பொருள் சொல்வியா?"

"உனக்கு மட்டும் இல்ல. எல்லாருக்கும்."

"இன்னிக்கு மாத்தினா அது எல்லாருக்கும் ஆகுமா அக்கா? நேத்துவரைக்கும் படிச்சவங்க என்ன முட்டாளா?"

அக்கா பிளந்த தாளை நோட்டுக்குள் வைத்து மூடினார். தங்கை கேட்டதில் நியாயம் இருந்தது. எழுதப்பட்டதை நம்பி வந்தவர்களிடம், எழுதியபின் அதை மாற்றுவது ஒருவகை ஏமாற்று. மாற்றாமல் விட்டால், பருத்த உறையிலும் பூவிலும் நிற்கும் பதினொன்றில் ஏழு வயலின் நீர் பஞ்சுக்குப் போகும், அந்த ஏழும் பதர். அவருடைய தயக்கத்தைப் பெருந்தன்மை என்று சொல்லிவிட முடியாது. முதலில் சரியாக எழுதியிருக்கலாம். ஆனால் எதைச் சேர்த்திருந்தால் சரியாகியிருக்கும் என்பதும் அன்றைக்கு முன் அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை பட்டியல் ஜன்னலில் ஒட்டப்பட்டது. பதினொரு வயல். சங்கு இல்லை. தங்கை இல்லை.

"அப்ப அட்டை பொய்யா?" என்று சங்கு கத்தினார். மதகுவரை கேட்டது.

"பொய் இல்லீங்க. தப்பு" என்றார் எழுத்தர். "நான் பண்ணின தப்பு."

"உங்க தப்புக்கு என் பயிர் ஏன் காயணும்?"

பின்னால் நின்ற யாரோ, "அவங்க தங்கச்சி பயிரும்தான்யா காயுது" என்றார்கள். சங்கு பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே படித்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவருக்குப் பதில் கிடைத்ததா, வாய் மட்டும் அடைபட்டதா என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றல்ல.

பதினொரு வயலும் பிழைத்தன. தங்கையின் வயலிலும் சங்கின் வயலிலும் கதிர் குட்டையாக வந்தது. பாதி மணிகூட இல்லை. சங்கு அறுத்து முடித்த மறுநாள் முதல் மறுபடி ஜன்னலுக்கு வந்து வழக்கம்போலக் கத்தினார். தங்கை வரவில்லை. அடுத்த நடவுவரை அக்காவுடன் பேச்சு இல்லை. அப்புறம் ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே நின்று, அந்நியரைப்போல, "பச்சை பிடிச்சிருக்கு" என்றாள். அக்கா எழுதிக்கொண்டார்.

அந்த அறுவடை முடிந்ததும் பொறியாளர் புது அட்டை எழுதச் சொன்னார். "தொண்டைக்கதிருக்கு மட்டும் சரியா எழுதிடுங்கம்மா. கடைசி இலை உறை பருத்திருக்கணும், அவ்வளவுதானே? உங்களுக்கு இப்ப எல்லாரையும்விட நல்லாத் தெரியும்."

"தெரியும் சார்" என்றார் எழுத்தர்.

நல்ல தடித்த அட்டை வாங்கி, கோடு போட்டு, பதினொரு சொல்லையும் எழுதினார். பத்துக்குப் பொருள் எழுதினார். அறுவடைக்குக்கூட இம்முறை ஒரு முழு வரி இருந்தது. தொண்டைக்கதிருக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்துப் பொறியாளர் பேனாவை நீட்டியபோது, அதை வாங்கி மூடி போட்டு அவர் சட்டைப்பையிலேயே செருகிவிட்டு, அட்டையை ஜன்னலில் மாட்டப் போனார்.

அதன்பின் அந்தச் சொல்லை யார் ஜன்னலில் வந்து சொன்னாலும், அவர் நோட்டை மூடிவைத்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர்கள் பின்னாலேயே வயலுக்குப் போனார். ஓய்வு பெறும்வரை அந்த இடம் காலியாகவே இருந்தது. ஏன் என்று பொறியாளர் கேட்டார், சங்கு கேட்டார், ஒரு முறை தங்கையும் கேட்டாள். யாருக்கும் அவர் சொல்லவில்லை.