மாடியில் ஆள் இருக்கிறது

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள் சின்னவள். துணியின் உள்பக்கம் தைத்த சீட்டைப் படிக்காமல் ஒரு கைக்குட்டையைக்கூட நனைக்க மாட்டாள். பெரியவள் அவளுக்கு ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. அந்த அம்மாள் எதையும் படிப்பதில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

கணவன்மார் இருவரும் போன பிறகு வீடு இவர்கள் இருவர் பேரிலும் வந்தது, ஒருத்திக்குப் பின் மற்றவளுக்கு முழுதும் என்று பத்திரத்தில் எழுதி. பிள்ளைகுட்டி யாருக்கும் இல்லை. வீட்டு இன்சூரன்சும் இருவர் பேரில்தான். கீழே சின்னவள், மாடியில் பெரியவள். பேச்செல்லாம் மாடிப்படியில் நின்றபடி. அதிலும் பாதி சண்டை. மாடிக் குளியலறைக்கு நேர் கீழே சின்னவளின் கூடத்துக் கூரையில் ஒரு ஈரக்கறை இருந்தது. உங்கள் குழாய்தான் என்பாள் இவள். உன் கண்தான் என்பாள் அவள். பதினோரு வருஷம் இதே கச்சேரி.

ஒரு காலையில் பெரியவள் மாரடைப்பில் போய்விட்டாள். வந்தவர்கள் எல்லாம் கலைந்ததும் சின்னவள் பாலிசியை எடுத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். வீடு தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் திருட்டுக்கும் குழாய் வெடிப்புக்கும் பாதுகாப்பு கிடையாது என்று போட்டிருந்தது. மாடியில் இப்போது ஆள் ஏது? கறை வேறு அகலமாகிக்கொண்டே வருகிறது. அந்தக் குழாய் வெடித்தால் இருப்பது இந்த ஒரு வீடு, அதுவும் போச்சு.

கம்பெனிக்குப் போன் செய்யவும் துணிச்சல் வரவில்லை. இரண்டு பேரில் ஒருத்தி இல்லை என்றதும் அந்த நிமிஷமே பாலிசியை ரத்து செய்துவிட்டால் என்ன செய்வது? இறப்புச் சான்றிதழ் வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தாள். அதுவரைக்கும் மாடி காலியாக இருக்கக் கூடாதே என்று, தினமும் நான்கு மணிக்கு மேலே ஏறினாள். பெரியவளின் அடுப்பில் டீ போட்டாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், அவள் நாற்காலியிலேயே ஆறு மணி வரை உட்கார்ந்தாள். சலவைக்கூடத்துப் பழக்கம் விடுமா? எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதினாள்.

இருபத்தாறாம் நாள், சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள், இன்சூரன்ஸ் ஆபீசில் போய் நின்றாள். கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயசிருக்கும். சின்னவள் எழுதிக்கொண்டு வந்த கடிதத்தை, சான்றிதழ் நகலை, பத்திர நகலை, அடையாள அட்டையை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பாலிசி ரத்தாகாதும்மா. அதே நம்பர், அதே முடியிற தேதி. அவங்க பேரை எடுத்துட்டு உங்க பேர்ல மட்டும் தொடரும். மாத்தின தாள் ஒரு வாரத்துல வீட்டுக்கு வந்துடும்."

அதுவரைக்கும் என்ன கதி என்று கேட்டாள். இப்போதும் நடப்பில்தான் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். நிம்மதி வந்தும் சின்னவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பின்னால் யாரும் குற்றம் சொல்லக் கூடாதென்று கறையையும் சொல்லிவிட்டாள். திடீரென்று வெடித்தால் கம்பெனி பொறுப்பு, நாள்பட்ட கசிவுக்குக் கிடையாது, முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்று பதில் வந்தது. பதினோரு வருஷச் சண்டைக்கு அரை நிமிஷத்தில் தீர்ப்பு.

கடைசியாக நோட்டை நீட்டினாள். "மாடி ஒரு நாள்கூட காலியா இல்லைங்க. எழுதி வெச்சிருக்கேன்."

அந்தப் பெண் இரண்டு பக்கம் புரட்டினாள். மூன்றாவது பக்கத்தில் மெதுவாகப் படித்தாள். 'நாலு மணி. டீ. அக்காவின் ரோஜாவில் ஒரு மொட்டு. ஆறு வரை இருந்தேன்.'

"அம்மா, இது முழு வீட்டுக்கும் ஒரே பாலிசி. கீழ நீங்க குடியிருக்கீங்கல்ல? அப்ப வீட்டுல ஆள் இருக்குன்னுதான் கணக்கு. நீங்க மேல போயிருக்கவே வேண்டாம்."

சின்னவள் நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மனசு லேசாகும் என்றுதான் வந்தாள். என்னவோ கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

"அப்ப இனிமே நான் மேல போகக் காரணமே இல்லையா?"

அந்தப் பெண் தாள்களை அடுக்கிக் கிளிப் போட்டாள். "கம்பெனிக்காகப் போக வேண்டாம்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்து பிளம்பருக்குச் சொல்லிவிட்டு, நோட்டை அலமாரியில் போட்டுப் பூட்டினாள். நான்கு அடித்தது. கொஞ்ச நேரம் கூரைக் கறையைப் பார்த்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்திருந்தாள். அக்கா இல்லாதது அவளுக்கு அப்போதுதான் முழுசாகத் தாங்க முடியாமல் போனது. அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.