நாற்பத்தைந்து நாழிகைக்கு மேல்

ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் நாழிகைக்காரம்மா. காலையில் ஒருதரம் துடைத்தாயிற்று. யாரோ பசை காயாத சான்றிதழை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எடுக்கிற ஒவ்வொரு பிரதியிலும் மூலையில் ஒரு கறுப்புக்கோடு விழுந்தது. நகத்தால் சுரண்டிவிட்டு மறுபடியும் துடைத்தாள். கோடு போய்விட்டது. அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

அவளுக்குப் பெயர் இருக்கிறது. கரண்ட் பில்லில் அதுதான் வருகிறது. தெருவில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு காலண்டர் அச்சகத்தில் வேலை பார்த்தவள். பஞ்சாங்கத்தில் நாழிகையில் இருப்பதைத் தேதித்தாளுக்காக மணி, நிமிடமாக மாற்றித் தருவது அவள் வேலை. கல்யாணமாகிப் பிள்ளை பெற்று, வீட்டின் முன்னறையை இடித்து ஜெராக்ஸ் கடை போட்டபோது அந்தக் கணக்கும் கூடவே வந்துவிட்டது. இப்போதெல்லாம் ஜாதகம் கணிக்கக் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் மணி கேட்கும். பழைய ஜாதகம் வைத்திருப்பவர்களிடம் நாழிகைதான் இருக்கும். நடுவில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

கணக்கு ஒன்றும் பெரியதில்லை. ஒரு நாழிகை இருபத்து நாலு நிமிடம். அறுபது விநாடி சேர்ந்தால் ஒரு நாழிகை. இந்த விநாடி கடிகார விநாடி இல்லை, கடிகார விநாடி இருபத்து நாலு சேர்ந்தது. உதயத்திலிருந்து எண்ணுவதால் உதயாதி நாழிகை என்பார்கள்; பிறந்த அன்றைக்கு, பிறந்த ஊரில் சூரியன் எத்தனை மணிக்கு உதித்ததோ அதோடு கூட்ட வேண்டும். எல்லோரும் இதுவரை சரியாக வந்துவிடுவார்கள். இதற்கு அப்புறம்தான் வழுக்கும். நாழிகைக் கணக்கில் நாள் என்பது உதயத்திலிருந்து மறு உதயம் வரை. கடிகாரத்துக்கு நடுராத்திரியிலேயே நாள் மாறிவிடுகிறது. நாழிகை ஏறக்குறைய நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டால் மணியை மட்டும் மாற்றினால் போதாது, தேதியையும் ஒன்று கூட்ட வேண்டும். கடையில் உதவிக்கு வந்தவர்கள் எல்லோரும் முதல் மாதம் இதில்தான் விழுந்தார்கள். அவள் மகள் மட்டும் விழவில்லை. பத்தாவது படிக்கும்போதே, "அப்ப ராத்திரி பொறந்தவங்களுக்கெல்லாம் ரெண்டு பொறந்த நாளாம்மா?" என்று கேட்டவள்.

அந்த மகள் செய்திருக்கும் காரியத்தைத்தான் நாழிகைக்காரம்மா கால் மணி நேரமாகக் கண்ணாடியோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு வயது இருபத்தொன்பது. வீட்டில் இன்னமும் குட்டி என்றுதான் பெயர். போன வாரம் ஒரு பையனின் சின்னம்மா வந்து வரன் பேசிவிட்டுப் போயிருந்தாள். பையனும் வந்தான். நல்ல வேலை, தூரத்து ஊர். பையனின் அம்மா இறந்து பல வருடமாகிறது. வீடு மாறும்போது ஜாதகமும் நனைந்து போய்விட்டது. அக்கா அடிக்கடி சொல்லிக் காதில் விழுந்ததை வைத்துச் சின்னம்மா ஒரு துண்டுத்தாளில் வருடம், மாதம், ஊரோடு எழுதித் தந்தாள்: பதினேழாம் தேதி, செவ்வாய், உதயாதி நாழிகை ஐம்பத்திரண்டரை. நட்சத்திரம் அவளுக்கும் பையனின் அப்பாவுக்கும் ஞாபகமில்லை. சொந்த விஷயத்துக்குத் தன் கை ஓடாது என்று நாழிகைக்காரம்மா அந்தத் தாளைக் குட்டியிடமே கொடுத்திருந்தாள்.

குட்டி கணித்து அச்செடுத்து வைத்தாள். பையனுக்குத் திருவாதிரை. குட்டிக்கு அஸ்தம். இரண்டும் கழுத்து ரஜ்ஜு. ஒரே ரஜ்ஜு என்றால் பேச்சே கிடையாது, வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அப்படித்தான் நாழிகைக்காரம்மா இன்று காலை சின்னம்மாவுக்குப் போன் போட்டு வருத்தத்தோடு சொல்லியிருந்தாள்.

மதியம் சின்னம்மா திருப்பிக் கூப்பிட்டாள்.

"ஏங்க, எங்க பெரியப்பாகிட்ட கேட்டேன். பையனுக்குப் புனர்பூசம்னு அடிச்சுச் சொல்றாரு. நீங்க திருவாதிரைங்கறீங்க. வயசானவர்தான், ஆனா மறக்கற ஆளில்லை. ஒரு தடவை பாத்துடுங்களேன். சாயந்தரம் பையனோட அப்பா கேப்பாரு, நான் ஏதாவது ஒண்ணு சொல்லணும்."

"பாத்துட்டுச் சொல்றேங்க."

கம்ப்யூட்டரைத் தட்டக்கூட இல்லை. வீணாய்ப்போன ஒரு பிரதியின் பின்பக்கத்தில் எழுதினாள். ஐம்பத்திரண்டு நாழிகைக்கு இருபது மணி நாற்பத்தெட்டு நிமிடம். அரை நாழிகைக்குப் பன்னிரண்டு. ஆக இருபத்தொரு மணி நேரம். அன்றைக்கு அவன் பிறந்த ஊரில் உதயம் ஆறு பன்னிரண்டு. கூட்டினால் விடிகாலை மூன்று பன்னிரண்டு. செவ்வாய் முடிந்து புதன், அதாவது பதினெட்டாம் தேதி. குட்டி அடித்திருந்த தாளை எடுத்துப் பார்த்தாள். மூன்று பன்னிரண்டு சரியாக இருந்தது. தேதி பதினேழு என்றே இருந்தது. ஒரு முழு நாள் முன்னால். சந்திரனுக்கு ஒரு நட்சத்திரம் தாண்ட ஏறக்குறைய ஒரு நாள் போதும். புனர்பூசம் திருவாதிரை ஆனது இப்படித்தான். புனர்பூசத்துக்கு ரஜ்ஜு வேறு. மற்றப் பொருத்தங்களும் தட்டவில்லை.

குட்டி பைண்டிங் அட்டை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். ஒரு கல்லூரிப் பெண் வந்து முன்னும் பின்னும் இருபது பக்கம் கேட்டாள். நாழிகைக்காரம்மா எல்லாவற்றையும் ஒரே பக்கமாக எடுத்து வைத்தாள். "ஆன்ட்டி, ரெண்டு பக்கம்னு சொன்னேனே" என்றதும் திரும்ப எடுத்துக்கொடுத்தாள். உட்கார்ந்தாள். எழுந்து மின்விசிறியைக் கூட்டினாள். காகிதங்கள் பறந்தன, குறைத்தாள். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து, போன வருடம் தட்டிப்போன இரண்டு வரன்களின் கணிப்பையும் தேடி எடுத்தாள். ஒன்றில் நாழிகை நாற்பத்தொன்பது. குட்டி தேதியை ஒழுங்காகக் கூட்டியிருந்தாள். இன்னொன்று பகல் பிறப்பு, தப்பு நேர இடமே இல்லை. இரண்டும் சரி. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. இது மட்டும் ஏன்?

பையன் வந்து போன அன்றைக்கு நடந்ததை மனதில் ஓட்டிப் பார்த்தாள். கலகலப்பாகத்தான் பேசினான். மெஷினைக்கூடத் தொட்டுப் பார்த்தான். "அங்க வந்தா இந்த மை, பேப்பர் தொல்லையெல்லாம் கிடையாது. நிம்மதியா வீட்ல இருக்கலாம்" என்றான். அவன் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். குட்டியும் சிரித்தாளா என்பதுதான் நினைவுக்கு வரவில்லை.

பஸ் ஓட்டப் போன கணவர் சாப்பிட வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே விஷயத்தைக் கேட்டு முகம் மலர்ந்துவிட்டது.

"அட, தேதி தப்பா? அவ்வளவுதானே! பதினெட்டுன்னு மாத்தி அடிச்சு அவங்களுக்கு அனுப்பு. இதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?"

"குட்டி இதுல தப்பு பண்ண மாட்டா."

"ஆமா, நீ பெத்தது கம்ப்யூட்டரு. நான் ரிவர்ஸ்ல கம்பத்தை இடிச்சதில்லையா? கை இருந்தா தவறத்தான் செய்யும். சோத்தைப் போடு."

போட்டாள். தண்ணீர் வைக்க மறந்துபோய் அவரே எழுந்து எடுத்துக்கொண்டார். சாப்பிட்டு உள்ளறையில் கண்ணை மூடினார். அடுத்த ஷிப்டுக்கு இன்னும் நேரமிருந்தது.

குட்டி அட்டைக்கட்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்தாள். இறக்கி வைத்து, வியர்வையைத் துடைத்து, பிய்ந்த ஆய்வேடு ஒன்றை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள். அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"குட்டி, நாப்பத்தஞ்சுக்கு மேல போனா என்ன பண்ணணும்?"

"தேதியில ஒண்ணு கூட்டணும். ஏன், புதுசா யாராவது வேலைக்கு வராங்களா?"

"செவ்வாக்கிழமை. அம்பத்திரண்டரை. உதயம் ஆறு பன்னெண்டு."

"புதன் விடிகாலை மூணு பன்..."

ஊசி நின்றது. கணக்குப் போட அவளுக்குத் தாள்கூட வேண்டியிருக்கவில்லை.

"அப்ப ஏன்டி பதினேழுன்னு அடிச்சே?"

"கை தவறியிருக்கும்."

"மணி தவறல. நிமிஷம் தவறல. தேதி மட்டும் தவறுச்சாக்கும்?"

குட்டி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இப்ப என்ன? புனர்பூசம்னு சொல்லிடு. பொருத்தம் இருக்குன்னும் சொல்லிடு. உங்களுக்குத்தான் பிடிச்சிருக்கே."

"உனக்கு?"

"எனக்கு இதை நாளைக்குள்ள முடிக்கணும்."

"நான் கேட்டது அதில்ல."

குட்டி அடுத்த தாள் அடுக்கைத் தட்டி நேராக்கினாள். நேராக இருந்ததையே மறுபடி தட்டினாள். தெருவில் ஒரு ஆட்டோ வந்து நின்று, வழி கேட்டுவிட்டுப் போனது. போன் அடித்தது. சின்னம்மாதான்.

அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் விட்டால் இன்னொரு தடவை அடிக்கும், அதுவும் கொஞ்ச நேரத்தில் முடிந்துபோகும். காலையில் சொன்னதே நிலைக்கும். இத்தனை வருடத்தில் தெரிந்தே ஒரு தப்பு நேரத்தை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. அந்தப் பையன் நாளைக்கு இன்னொரு வீட்டிலும் தன் நட்சத்திரம் திருவாதிரை என்றுதான் சொல்வான். எடுத்தாள்.

"சொல்லுங்க. ஆமாங்க, பாத்துட்டேன். உங்க பெரியப்பா சொன்னதுதான் சரி, புனர்பூசம்தான். தேதி பதினெட்டு. நாங்கதான் தப்பாப் போட்டுட்டோம், மன்னிச்சுக்கோங்க. சரியான தாளைக் குடுத்தனுப்பறேன், அதையே எல்லாருக்கும் காட்டுங்க."

அந்தப்பக்கம் குரல் துள்ளுவது குட்டிக்கும் கேட்டது. "அப்போ பொருத்தம் இருக்கு!"

"பொருத்தம் இருக்குங்க. பொண்ணுக்கு இஷ்டம் இல்லை."

குட்டியின் கை தாள் அடுக்கின் மேல் அப்படியே நின்றது.

"இல்லைங்க, பையன் மேல ஒரு குறையும் இல்லை. இவளுக்கு மனசில்லை. இல்ல, வேற யாரும் இல்லைங்க. நான் முன்னாடியே கேட்டிருக்கணும், கேக்கல. ஆமா. சரிங்க. வெச்சுடறேன்."

உள்ளறையில் கட்டில் முனகியது. கணவர் பனியனோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"யாரு போன்ல? என்ன சொன்னே? இஷ்டம் இல்லைன்னா காதுல விழுந்துச்சு? உங்கிட்ட அப்படிச் சொன்னாளா அவ?"

"இல்லை."

"சொல்லாமயே நீயா சொல்லிட்டியா? பைத்தியமாடி உனக்கு? அவளைக் கேளு. இப்ப கேளு, என் முன்னாடி."

நாழிகைக்காரம்மா மகளைப் பார்த்தாள். அவளுக்கும் கேட்க வேண்டியிருந்தது, ஆனால் அவர் கேட்கச் சொன்னது அல்ல. தான் சொன்னது சரிதானா என்பதுகூட இல்லை.

"எங்கிட்ட வந்து வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி. தேதியை மாத்தற அளவுக்கு நான் என்ன அப்படிக் கேக்காத ஆளா?"

குட்டி அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு முன்பே தைத்து வைத்திருந்த இன்னொரு ஆய்வேட்டைக் கையில் எடுத்து, ஒட்டியிருந்த நூல்பிசிறைத் தட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அதைக் கொடுத்துவரத் தெருவில் இறங்கிப் போனாள்.