பாடைக்குக் காட்டிய சிவப்புக் கொடி

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் அய்யம்பெருமாள் வெடி ஃபோர்மேன். வாயைத் திறந்தால் சுண்ணாம்புத்தூள் உள்ளே போய்விடும் என்பதுபோல அதிகம் பேசாமல் இருப்பார். சர்ட்டிபிகேட் பரீட்சையில் மூன்றாம் தடவைதான் தேறினார். அந்த வருஷம், எண்பத்து மூன்றில், சீனியர் ஃபோர்மேன் பதவிக்கு அவர் பெயர் போயிருந்தது. மனைவி அம்சவள்ளி அதை ரஞ்சன்குடி வரைக்கும் இருந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

பகல் வெடி என்றால் அவர் போட்ட திட்டம்தான். நான்கு பாதையிலும் சிவப்புக் கொடியோடு ஒவ்வொரு ஆள் நின்று, வருகிறவர்களை மறிக்க வேண்டும். சைரன் மூன்று முறை ஊதும். மூன்றாவது ஓய்ந்ததும், மறைவிடத்தில் இருந்து அய்யம்பெருமாள் வெடிப்பெட்டியின் சாவியைத் திருப்புவார். வருஷக்கணக்காக இப்படியே நடந்ததால், அது சரியான திட்டம் என்று எல்லோரும் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

அன்று கிழக்குப் பாதையில் கொடி பிடித்தவன் அரியமுத்து, தினக்கூலி. இரண்டாவது சைரனில் எதிரே பக்கத்து ஊர்ப் பெரியசாமியின் பாடை வந்தது. முன்னால் பறை, பின்னால் பாதி ஊர். அரியமுத்து கொடியை விரித்துக் குறுக்கே நின்றான். தூக்கிய பாடையை நடுவழியில் இறக்கவும் கூடாது, திருப்பவும் கூடாது. கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டு போயிற்று. பறைச் சத்தத்தில் அவர்களுக்குச் சைரன் கேட்கவில்லை. சைரன் சத்தத்தில் அய்யம்பெருமாளுக்குப் பறை கேட்கவில்லை.

வெடித்தது. இறக்கக் கூடாத பாடையை அங்கேயே இறக்கிவிட்டு எல்லோரும் ஓடினார்கள். கற்கள் சுற்றிலும் விழுந்தன. யாருக்கும் காயம் இல்லை. பெரியசாமிக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆக வேண்டியது முந்தின நாளே ஆகிவிட்டது.

வெடிக்காத குழி எதுவும் மிச்சமில்லை என்று பார்த்துவிட்டு அய்யம்பெருமாள் ஓடிவந்தபோது, கிழக்குப் பாதை முனையில் கொடிக்காரன் இல்லை. இன்னும் உள்ளே, வெடித்த பக்கத்தில், புழுதிக்குள் நின்றுகொண்டிருந்தான். கையில் கொடி அப்படியே இருந்தது.

மேனேஜர் குழந்தைவேல் புதிதாக ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தார். எது நடந்தாலும் அன்று சாயங்காலமே நான்கு தலைப்பில் குறிப்பு எழுத வேண்டும்: என்ன திட்டம், என்ன நடந்தது, ஏன், இனி என்ன மாறும். முதல் இரண்டையும் அய்யம்பெருமாள் எழுதிவிட்டார். மூன்றாவதில் பேனா நின்றது.

"கொடிக்காரன் இடத்துல இல்லன்னு எழுதுங்க. நாலாவதுல ஆள மாத்தியாச்சுன்னு போட்டா முடிஞ்சுபோச்சு" என்றார் மேனேஜர்.

அய்யம்பெருமாள் வெளியே போய், மரத்தடியில் உட்கார்ந்திருந்த அரியமுத்துவைக் கேட்டார். "எடத்த வுட்டு ஏன்டா போன?"

"உங்கள நிறுத்தச் சொல்லத்தாங்க. கொடிய ஆட்டிக்கிட்டே ஓடியாந்தேன். நீங்க பாக்கலிங்க."

அய்யம்பெருமாள் மறைவிடம் இருந்த திசையைப் பார்த்தார். அவர் பார்த்திருக்க முடியாது. அந்த மறைவிடத்தில் இருந்து எந்தப் பாதையும் தெரியாது. அதை அங்கே கட்டச் சொன்னவரே அவர்தான். வேண்டாம் என்று சொல்ல ஒருவன் கல்மழைக்குள் ஓடி வந்தாலொழிய வேறு வழி இல்லாத திட்டம் அது. அவனும் ஓடித்தான் வந்திருக்கிறான்.

உள்ளே போய் எழுதினார்: "ஆபத்து என்று கொடிக்காரர் தெரிவிக்க வழி வைக்கவில்லை. சைரன் ஓய்ந்தால் பாதை காலி என்று எடுத்துக்கொண்டோம்."

மேனேஜர் படித்தார். "எடுத்துக்கொண்டோம்னா யாரு? மேல பேர் கேப்பாங்க."

அய்யம்பெருமாள் 'எடுத்துக்கொண்டோம்' என்பதை அடித்துவிட்டு, 'எடுத்துக்கொண்டவன் நான்' என்று எழுதி, தன் பெயரைப் போட்டார். நான்காவதில் எழுதினார்: "நான்கு பாதையும் தெரியும் மேட்டுக்கு மறைவிடம் மாறும். பாதை காலியானதும் கொடிக்காரர் பச்சைக் கொடி காட்டுவார். நான்கும் தெரியாமல் சாவி திரும்பாது. ஊரில் சாவு என்றால் அன்று வெடி இல்லை."

"உங்க புரமோஷன் காயிதம் இன்னும் என் மேசையிலதான் இருக்கு, அய்யம்பெருமாள்."

"தெரியுங்க சார்."

புரமோஷன் இல்லை என்று காகிதம் மறுநாளே திரும்பி வந்தது. அம்சவள்ளி இரண்டு நாள் பேசவில்லை. பச்சைக் கொடிக்குத் துணி இல்லை என்று அவர் சொன்னபோது, தன் பழைய பச்சைப் புடவையைக் கிழித்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் வெடி. மேட்டில், தடித்த பலகை அடித்த புது மறைவிடத்தில், மேனேஜரும் பக்கத்தில் நின்றார். மூன்றாவது சைரன் ஓய்ந்தது. மூன்று பச்சை தெரிந்தது. கிழக்கில் சிவப்பு.

"சைரன் முடிஞ்சிருச்சே" என்றார் மேனேஜர்.

"கெழக்குல இன்னும் காட்டலிங்க."

பெரியசாமிக்குப் பால் தெளிக்கப் போன நாலைந்து பேர், வெயிலில் சொம்போடு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அரியமுத்து அவர்களை அவசரப்படுத்தவில்லை. தினக்கூலிக்காரன் ஒருவன் கை தூக்காததால் சுரங்கம் முழுக்க வேலை நின்றது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். அய்யம்பெருமாள் சாவியை வெடிப்பெட்டியிலிருந்து உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கிழக்கே பார்த்தபடி நின்றார்.