இசக்கியம்மாவின் கால் நிமிஷம்

நீலகிரியில் அரவேணுவுக்கு மேலே இருக்கிற தேயிலை எஸ்டேட்டுகளில் இசக்கியம்மா நாடி பிடித்துப் பார்க்காத கையே கிடையாது. துரை கை, கணக்குப்பிள்ளை கை, ஒருமுறை பலாப்பழம் திருட வந்து வேலியில் மாட்டிக்கொண்ட கரடியின் கை உட்பட. சரி, கரடி கொஞ்சம் அதிகம்தான், துரையும் சந்தேகம். மற்றதெல்லாம் நிஜம்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் கல்யாணமாகி மலையேறியவள். ஆறு வருஷம் கொழுந்து பறித்தாள். அதன்பின் பதினோரு வருஷம் இலை நிறுக்கும் கொட்டகையில், ஒவ்வொரு பெண்ணும் எத்தனை மூட்டை கொண்டுவந்து போட்டாள் என்று உரக்க எண்ணிச் சொல்லும் வேலை. முதல் மூட்டைக்கு ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. 'லாபம்' என்றுதான் தொடங்கவேண்டும். "லாபம், ரெண்டு, மூணு" என்று அவள் கூப்பிட்டால் கீழே ரோட்டில் போகிற பஸ் டிரைவருக்கே அன்றைய இலை எவ்வளவு என்று தெரியும். பிழையில்லாத எண்ணிக்கை. அதைப் பார்த்துத்தான் எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர் தனசிங் 1972-ல் அவளைத் தன்னிடம் உதவிக்கு எடுத்துக்கொண்டார். கட்டுப் போடவும் மருந்து கலக்கவும் கற்றுக்கொண்டாள். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அவளுக்கு 'நர்சம்மா' என்ற பெயர் பாதி கேலியாகவும் பாதி மரியாதையாகவும் ஒட்டிக்கொண்டது.

நாலு வருஷம் கழித்து, தங்கை கல்யாணத்துக்கென்று தனசிங் இரண்டு வாரம் லீவில் ஊருக்குப் போனார். போகுமுன் அவர் அவளிடம் ஒப்படைத்ததில் பெரிய பொறுப்பு சுப்பண்ணன். ஃபாக்டரியில் பாய்லருக்கு விறகு போட்டு ஓய்வுபெற்றவர். இதயம் பலவீனப்பட்டு, குன்னூர் டாக்டர் எழுதிக்கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரையில் நடமாடிக்கொண்டிருந்தார்.

"இந்த மாத்திரை இதயத்துக்குப் பலம் கொடுக்கும், வேகத்தைக் குறைக்கும். அளவு மீறினா அதுவே விஷம்" என்றார் தனசிங். "தினம் காலையில் நாடியை எண்ணிட்டுத்தான் கொடுக்கணும். நிமிஷத்துக்கு அறுபதுக்குக் கீழே போனா கொடுக்காதே, டாக்டர்கிட்ட அனுப்பு. அவருக்குத் துடிப்பு சீரா இருக்கு, அதனால கால் நிமிஷம் போதும். ஒரு துடிப்பு விரல்ல படற நொடியில கடிகார முள்ளைப் பார்த்துக்க. அங்கிருந்து பதினைஞ்சு வினாடி எண்ணு, நாலால பெருக்கு. தாளம் தப்புனா முழு நிமிஷம்."

முதல் ஒரு வாரம் பதினாறு, பதினேழு என்று வந்தது. பிறகு சனிக்கிழமை பதினைந்து. பதினைந்து நாலு அறுபது. அறுபதுக்குக் கீழே இல்லையே, மாத்திரை கொடுத்தாள். ஞாயிறும் அறுபது. திங்களும் அறுபது. நோட்டில் ஒரே எண் வரிசையாக நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை சுப்பண்ணனின் மனைவி மருதாம்பாள் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தவர் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

"அம்மிணி, தோட்டத்துக்கெல்லாம் மஞ்சள் பூசிட்டாங்களா? எனக்கு மட்டும் கல்யாண வீடாத் தெரியுதுங்க."

"ரெண்டு நாளா சோறு எறங்கலை. நேத்து கஞ்சியும் வெளிய வந்துருச்சு" என்றாள் மருதாம்பாள். "இவரு வாய் மட்டுந்தான் ஓயலை."

இசக்கியம்மா அவரைக் கால் மணி நேரம் உட்காரவைத்துவிட்டு மணிக்கட்டில் விரல் வைத்தாள். பதினைந்து. மறுபடியும் அறுபது.

மாத்திரை டப்பாவின் மூடியைத் திறந்தாள். ஆனால் கை அதற்குமேல் போகவில்லை. எண் கொடு என்கிறது. எல்லாவற்றையும் மஞ்சளாய்க் காணும் கண்ணும் இறங்காத சோறும் வேண்டாம் என்கின்றன. எண்ணை நம்பிப் பதினைந்து வருஷம் வாழ்ந்தவள் அவள். கொடுத்து இந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கொடுக்காமல் நிறுத்தி இதயம் கைவிட்டுவிட்டால்?

"அண்ணாச்சி, கொஞ்சம் பேசாம இரும். முழு நிமிஷம் எண்ணப் போறேன்."

"எண்ணுங்க. எனக்கென்ன, பஸ்ஸா போகுது?"

கொட்டகைப் பழக்கத்தில் வாய்விட்டே எண்ணினாள். கால் நிமிஷத்துக்கு ஒருமுறை எங்கே நிற்கிறது என்று மருதாம்பாளை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். முதல் காலில் பதினைந்து. அரை நிமிஷத்தில் இருபத்தொன்பது. முக்காலில் நாற்பத்து மூன்று. முழு நிமிஷத்தில் ஐம்பத்தேழு.

அறுபது வரவில்லை. அதே மனிதர், அதே கை.

மேஜையில் விரலால் கழித்துப் பார்த்தாள். இரண்டாவது காலில் பதினாலு. மூன்றாவதில் பதினாலு. நாலாவதிலும் பதினாலு. முதல் காலில் மட்டும் ஒன்று கூடுதல். இதயம் என்ன, அவள் விரல் பட்டதும் ஒரு துடிப்பை இனாமாகவா கொடுக்கும்?

"ஏன் இசக்கி, கையில பட்ட ஒடனே லாபம்னு சொன்னியே. அப்ப முள்ளு நகரவே இல்லையே" என்றாள் மருதாம்பாள்.

இசக்கியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மூட்டைக்கு லாபம் சரி. முதல் மூட்டை தரையில் கண்முன் கிடக்கிறது. ஆனால் இங்கே எண்ணுவது மூட்டையை அல்ல, ஓடுகிற நேரத்தை. முள் கிளம்பும் நொடியில் படுகிற துடிப்பு, ஓட்டம் தொடங்கும் கோடு. அதற்குச் சைபர், அடுத்ததுதான் ஒன்று. தனசிங் மனதுக்குள் சைபரில்தான் தொடங்குவார் போல. அதைச் சொல்லவேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. முழு நிமிஷம் எண்ணினால் அந்தப் பிழை ஒன்றாகவே கிடக்கும். கால் நிமிஷம் எண்ணிப் பெருக்கினால் அதுவும் நாலாகக் குட்டி போடும். பதினாலு நாலு ஐம்பத்தாறு. படிக்கு நாலாய் ஏறி இறங்கும் ஏணியில், அவள் ஒரு படி மேலே நின்று மூன்று நாளாய் மாத்திரை கொடுத்திருக்கிறாள்.

டப்பாவை மூடினாள். ஆபீசுக்கு நடந்துபோய், "எண்ணுனதுல தப்புப் பண்ணிட்டேன், ஜீப் வேணும்" என்றாள். சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியாதவள் அல்ல, அன்றைக்குத் தோன்றவில்லை. நோட்டில் மூன்று அறுபதையும் அடிக்காமல், பக்கத்தில் ஐம்பத்தாறு என்று எழுதி, காரணத்தையும் எழுதி, அதையே குன்னூர் டாக்டரிடம் நீட்டினாள்.

டாக்டர் படித்துவிட்டு அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். மஞ்சளாய்த் தெரிவதும் வாந்தியும் மாத்திரை மிஞ்சியதால்தான் என்று சொல்லி, அதை உடனே நிறுத்தி சுப்பண்ணனை வார்டில் சேர்த்தார். பத்தாம் நாள், பாதி அளவு மாத்திரையோடு அவர் வீடு திரும்பினார். அவர் கண்ணுக்குத் தோட்டம் மறுபடி பச்சையாகிவிட்டிருந்தது.

மறுநாள் காலை டிஸ்பென்சரி மேட்டை ஏறி வந்தவரின் கையை இசக்கியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். லீவு முடிந்து வந்திருந்த தனசிங் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சைபர்" என்று கொட்டகைக்குக் கேட்கிற மாதிரித் தொடங்கினாள். "ஒண்ணு, ரெண்டு..." முள் கால் வட்டம் முடித்தபோது பதினெட்டு. "பதினெட்டு நாலு எழுபத்திரண்டு! சார், எழுதிக்கோங்க. இந்தத் தடவை ஒரு பிசகு இல்லை."

தனசிங் பேனாவை எடுத்தார். சுப்பண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே மறு கையை உயர்த்தித் தடுத்தார்.

"எழுதாதீங்க சார். இப்ப அம்மிணி எண்ணுனது அந்த மேட்டை. செத்த உக்காந்துக்கறேன், அப்பறம் என்னை எண்ணச் சொல்லுங்க."