ராக்கிக்காக எழுதிய ரிவ்யூ

கீரமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கும் அன்புமொழிக்குத் துணை ராக்கி என்ற நாய் மட்டும்தான். உண்ணிக் காய்ச்சலில் அது சுருண்டதும் புதுக்கோட்டையில் உள்ள ஒரு தனியார் கால்நடை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "ட்ரிப்ஸ் ஏறுது, சரியாயிரும். நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். மறுநாள் காலையில் அவள் வந்து பார்த்தபோது கிளினிக் கூண்டுக்குள் ராக்கி செத்துக் கிடந்தது.

அழுதபடியே போனில் ரிவ்யூ எழுதினாள்: "நாயைப் பதமாகப் பிடித்தார்கள். கட்டணத்தை முன்கூட்டியே சொன்னார்கள். பிழைக்காது என்பதை மட்டும் சொல்லவில்லை."

அதைப் படித்துவிட்டு டாக்டர் கூப்பிட்டார். "கிட்னி போயிருச்சும்மா. நீங்க அழுதுக்கிட்டு நின்னீங்க, சொல்ல மனசு வரல. அத எடுத்துருங்களேன்."

"சொல்லியிருந்தா மடியில போட்டுக்கிட்டு அங்கிட்டே கெடந்திருப்பேன் சார். தனியா செத்துப்போச்சே!"

ரிவ்யூவை அவள் எடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்கக் கடையையும் திறக்கவில்லை.