இடுப்புக்குக் கொடுத்த முடி

ஆனியில் பெண் பார்க்க வந்தபோது, வருங்கால மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொண்ணு கொஞ்சம் பூசினாப்பல இருக்குதும்மா, தையில கல்யாணம், அதுக்குள்ள இளைக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னாள். அவளே வாசற்படியில் ஒருக்களித்துத்தான் நுழைந்தாள். அந்தப் பேச்சை நானும் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன் பாருங்கள், அதற்கு என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

சும்மா பட்டினி கிடந்தால் வீட்டில் அடி விழும். காஞ்சிபுரத்தில் விரதம் என்றால் யார் தடுப்பார்கள்? திங்கள், வெள்ளி, கிருத்திகை, பிரதோஷம் என்று ஆரம்பித்து, ஒரு மாதத்தில் எல்லா நாளையும் ஏதாவதொரு சாமிக்கு எழுதிவைத்தேன். கஞ்சித்தண்ணி, ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் கறி, முட்டை எல்லாம் உண்டு, எதையும் தொடவில்லை. தெருவே என் பக்தியை மெச்சியது.

ஐப்பசியில் சீப்போடு கொத்துக் கொத்தாக முடி வந்தது. கல்யாணச் சடை என்னாகும் என்று குளிக்கும்போதெல்லாம் அழுதேன். கிணற்றுத் தண்ணி என்றாள் அம்மா. கண்ணேறு என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அப்பா தறியிலிருந்து தலை நிமிரவே இல்லை.

பட்டுத்தறியில் அப்பாவுக்கு மறு ஓரத்தில் உட்கார்ந்து, சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுப்பது என் வேலை. என் நகங்கள் ஏடு ஏடாகப் பிளந்திருந்தன. ஒருநாள் பிளந்த நகம் தறியில் நீட்டிக் கட்டிய பாவில் மாட்டி நாலு பட்டிழை அறுந்தது. மறுநாள் ஆறு. மூன்றாம் நாள் அப்பா என்னை சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மகளின் தலை காலியானபோது அசையாத மனுஷர், பாவில் இழை போனதும் பறந்தார்.

டாக்டரம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"முடியும் நகமும் புரதத்தால ஆனதும்மா. நீ பட்டினி போட்டா உடம்பு இருக்கறத இதயத்துக்கும் மூளைக்கும்தான் முதல்ல குடுக்கும். முடிக்கும் நகத்துக்கும் கடைசிப் பந்தி. ரத்தத்துல இரும்பும் இல்ல. துத்தநாகம்னு ஒண்ணு வேணும், அதுவும் கறி, முட்டை, பருப்பு, கடலையிலதான் வரும். கஞ்சித்தண்ணியில ஏது?"

"தைக்குள்ள முடி வந்துடுமாம்மா?"

"இன்னிக்குக் கொட்டுறது, நீ பட்டினி ஆரம்பிச்சப்பவே வளராம நின்னுபோன முடி. ஒழுங்கா சாப்ட்டாலும் ஆறு மாசமாவது ஆகும்."

இரும்பு மாத்திரை கொடுத்து, அதோடு டீ குடிக்கக் கூடாது என்றார். என் விரதங்கள் அன்றோடு முடிந்தன. சாமிகள் யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மார்கழியில் மாமியார் வந்தாள். இடுப்பைப் பார்த்துச் சிரித்தவள் சடையைப் பார்த்து முகம் சுளித்தாள். "இன்னாம்மா இது, எலிவாலாட்டம் இருக்குது?"

வாயிலிருந்த வேர்க்கடலையை மென்று முழுங்கிவிட்டுச் சொன்னேன். "நீங்க இடுப்பு கேட்டீங்க அத்தை. முடியக் குடுத்துதான் வாங்கிக்கினு வந்தேன்."

சவுரி வைத்துத்தான் தாலி ஏறியது. அடுத்த ஆடிக்குள் முடி வந்தது, பழைய இடுப்பும் வந்தது.